முள்ளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை

அடி விழுகிற நாளுக்கு எங்கள் கம்பெனியில் மீட்டிங் என்று பெயர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கள் ரப்பர் கம்பெனியின் மாடி ஹாலில் அது நடக்கும். கீழே பிரஸ் மெஷின்கள் வண்டிகளுக்கான ஆயில் சீலும் புஷ்ஷும் அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே முதலாளி சென்னப்பன் சேல்ஸ்மேன்களை அடித்துக்கொண்டிருப்பார்.

அவர் மேஜைமேல் ஒரு முழ நீளத்துக்கு ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்று கிடக்கும். எங்கள் சொந்தத் தயாரிப்புதான். உள்ளே நூல் பின்னல் கொடுத்த நல்ல கெட்டிச் சரக்கு, சுலபத்தில் தேயாது. அந்த மாதம் விற்பனையில் கடைசியாக வந்தவனை எழுப்பி நிற்க வைத்து, தோளில் நாலு போடுவார். அப்புறம் அவரே எல்லாருக்கும் டீ சொல்வார். நிலத்தை சிப்காட்டுக்கு விற்று கம்பெனி ஆரம்பித்த மனிதர் அவர். ஏர் பிடித்த காலத்தில் மாட்டை ஓட்டிய மாதிரியே ஆளையும் ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் முனவர் பேகம். அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மாத ரிப்போர்ட் என் பொறுப்பு. எக்செல்லில் ஒரே ஷீட்டில் எல்லா பில்லையும் வரிசையாக வைத்திருப்பேன்: தேதி, பில் நம்பர், சேல்ஸ்மேன், ஊர், கடை, சரக்கு, தொகை. அதிலிருந்து பிவட் டேபிள் போடுவேன். யார் எவ்வளவு விற்றார்கள், எந்த ஊரில் எவ்வளவு போயிற்று என்று ஒரு நிமிஷத்தில் மடித்துக் கொடுத்துவிடும். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லாத அடக்கத்தை இருப்பதாகச் சொல்ல எனக்கு வராது.

அந்த பிவட்டில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருந்தது. எந்த எண்மேல் டபுள் கிளிக் செய்தாலும், அந்த எண் எந்தெந்த பில்லால் ஆனதோ அத்தனை பில்லும் ஒரு புது ஷீட்டில் வந்து விழும். முதலாளி ஹோஸைக் கையில் எடுத்ததும் நான் சம்பந்தப்பட்டவரின் தொகைமேல் டபுள் கிளிக் செய்வேன். "மொதலாளி, தர்மபுரி கடைக்காரரு திருப்பி அனுப்பிச்ச சரக்கு கழிஞ்சிருக்கு பாருங்க" என்பேன். கடைகளின் பெயரெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெயரைக் கண்டதும் படிக்க ஆரம்பித்துவிடுவார், படிக்கிற நேரத்தில் கை தளர்ந்துவிடும். அப்படிச் சில முதுகுகள் தப்பித்தன. எல்லாம் தப்பவில்லை.

மாதப்பனின் முதுகு இரண்டு முறை தப்பவில்லை. அஞ்செட்டிக்காரர், கன்னடம் தண்ணி பட்ட பாடு. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் முழுவதும் அவருடைய லைன்: அத்திப்பள்ளி, ஆனேக்கல், சந்தாபுரம், பொம்மசந்திரா. இரண்டாவது முறை அடி வாங்கிவிட்டு வெளியே வந்தவர் மாடிப்படியில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தபடி என்னிடம் சொன்னார்:

"முனவரு, எம் மவ வயசுக்கு வந்து நிக்கிது. ஊட்டுக்குப் போனா சட்டையக் கழட்ட முடியல. இன்னொரு வாட்டி அந்தாளு எம்மேல கை வச்சான்னா, அவன் இருக்கமாட்டான். இல்ல நான் இருக்கமாட்டேன்."

பார்சல் சணலை அறுக்கிற கத்தியை அவர் எப்போதும் பேன்ட் பையில் வைத்திருப்பார். சொல்லும்போது கை அந்தப் பையைத் தொட்டது. கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் மாதப்பன் அதிகம் பேசுகிறவர் அல்ல. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பிவட்டை ரிஃப்ரெஷ் செய்கிற அந்த ஆச்சரியக்குறிப் பட்டனை அழுத்தும்போது, முதலில் என் கண் போவது அவர் பெயருக்குத்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியின் மகன் சின்னராஜ் பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். கூடவே டேஷ்போர்டு வந்தது.

டேஷ்போர்டு என்றால் தனி சாஃப்ட்வேர். பெங்களூர் கம்பெனி ஒன்றில் வாங்கியது. அதற்கென்று புதுக் கம்ப்யூட்டர், பெரிய திரை. ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் கார் ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். டார்கெட்டைத் தொட்டால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், குறைந்தால் சிவப்பு. எங்கள் பில்லிங் ஃபாக்ஸ்புரோ என்கிற பழைய புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஃபைல்களை அது தானே படித்துக்கொள்ளும். யாரும் தட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

"எக்செல்லெல்லாம் கை வேலக்கா" என்றான் சின்னராஜ். "நீங்க கீழ புது லைன் சேத்துட்டு ரேஞ்ச நீட்ட மறந்தீங்கன்னா டோட்டல்ல வராது. ரிஃப்ரெஷ் பண்ணலன்னா போன மாசத்து நம்பரே நிக்கும். இதுல அந்த வம்பே கெடயாது."

அவன் சொன்னது பொய்யில்லை. ரேஞ்ச் விஷயத்தில் எனக்கே ஒருமுறை கால் வழுக்கி, மீட்டிங்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். ஆகவே எதிர்த்துப் பேசாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டிப்போ பில்லு இதுல எப்பிடி வரும் தம்பி?"

எல்லைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஓசூரிலிருந்து கர்நாடகக் கடைக்கு நேராக பில் போட்டால் மத்திய விற்பனை வரி. வரியைக் குறைக்கக் கடைக்காரர் சி ஃபாரம் கொடுக்க வேண்டும். ஆனேக்கல் பக்கத்துச் சின்னக் கடைகள் பலவற்றில் அது கிடையாது. அதனால் சரக்கை எங்கள் பெயரிலேயே அத்திப்பள்ளி டிப்போவுக்கு லாரியில் அனுப்புவோம். அது விற்பனை அல்ல, நம் சரக்கு நம் இடத்துக்கு மாறுகிற ஸ்டாக் டிரான்ஸ்ஃபர், அவ்வளவுதான். டிப்போவிலிருந்து கர்நாடக பில் கையால் எழுதப்படும். மாதக் கடைசியில் அந்த பில் நகல்கள் என்னிடம் வரும். நான் எக்செல்லில் அடித்து மற்ற பில்களுக்குக் கீழே ஒட்டுவேன். மாதப்பன் விற்பதில் முக்கால்வாசி அந்த வழியாகத்தான் வரும்.

"ஒரு ஃப்ளாப்பில போட்டுக் குடுங்க, சாஃப்ட்வேர் இஞ்சினியர்கிட்ட சொல்லி ஏத்திடறேன்" என்றான் சின்னராஜ். கொடுத்தேன். "ஏத்தியாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சுக்கா" என்றான். ஏற்றியதுதான். அந்த ஃபைல் புதுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. டேஷ்போர்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓசூர் பில்லிங் மட்டும்தான். அதை மாற்ற வேண்டுமென்றால் பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டும். இது எனக்குத் தெரிந்தது மீட்டிங்கில்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார். புதுத் திரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். சேல்ஸ்மேன்கள் மூன்று பேர்: சேலம் லைன் பெரியதம்பி, கிருஷ்ணகிரி லைன் ஷௌகத் அலி, மாதப்பன். மாதப்பன் முகத்தில் அன்றைக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. நல்ல மாதம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஹாலின் மூலையிலிருந்த என் பழைய கம்ப்யூட்டரில் என் பிவட்டைப் போட்டு வைத்திருந்தேன். "மீட்டிங்ல ஷீட்டெல்லாம் வேணாம்" என்று சின்னராஜ் சொல்லியிருந்தான். பழக்க தோஷம், போட்டேன்.

சின்னராஜ் மவுஸை அழுத்தினான். வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரியதம்பி பச்சை. ஷௌகத் அலி மஞ்சளின் கீழ் ஓரம். மாதப்பனின் முள் எழவே இல்லை. சிவப்பின் அடியில் செத்த எலி வால் மாதிரி கிடந்தது.

"என்னாடா இது?" என்றார் முதலாளி.

"தப்புங்க. நல்லா ஓடிச்சுங்க இந்த மாசம்" என்றார் மாதப்பன்.

"மிஷினு பொய் சொல்லுதா?"

"அதுல என்னா இருக்குன்னு தொறந்து காட்டச் சொல்லுங்க."

முதலாளி மகனைப் பார்த்தார். சின்னராஜ் தோளைக் குலுக்கினான். "உள்ள ஒண்ணும் இல்லப்பா. இதான் ரிசல்ட்டு. போர்டு ஆர்க்யூ பண்ணாது."

அந்த வார்த்தை முதலாளிக்கு எவ்வளவு இனித்தது என்று அவர் முகத்திலேயே பார்த்தேன். இத்தனை வருஷமாக அடிப்பதற்கு முன்னால் பில்லைப் படிக்க வேண்டியிருந்தது. கடைக்காரன் கதையைக் கேட்க வேண்டியிருந்தது. இனி அந்தத் தொந்தரவு இல்லை. சிவப்பு என்றால் அடி.

முதல் அடி தோளில் விழுந்தது. மாதப்பன் அசையவில்லை. அசையாததைக் கண்டு முதலாளிக்கு வெறி ஏறிவிட்டது. இரண்டாவதை முகத்தில் போட்டார். ஹோஸின் அறுத்த முனை காதில் பட்டு, சத்தம் ஓலைப்பட்டாசு மாதிரி கேட்டது. மாதப்பன் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு விழுந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி வெள்ளைக் காலரில் பரவியது. அவர் எழுந்தபோது வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

"மொதலாளி, டிப்போ பில்லு அதுல இல்ல!" என்று கத்திக்கொண்டு என் மேஜைக்கு ஓடினேன். "அத்திப்பள்ளி பில்லு ஒண்ணுகூட வரல! இங்க இருக்கு, வந்து பாருங்க!"

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றான் சின்னராஜ். முதலாளி காதில் எதுவும் விழவில்லை. மூன்றாவது அடிக்கு ஹோஸ் மேலே போயிற்று.

கத்தி வெளியே வந்ததை நான் பார்த்தேன். மாதப்பன் வயிற்றைத்தான் குறி வைத்தார், சத்தியமாகச் சொல்கிறேன். ஷௌகத் அலி பின்னாலிருந்து பாய்ந்து இழுத்ததால் வீச்சு மேலே போய், ஹோஸைப் பிடித்திருந்த கையில் பட்டது. கட்டை விரலின் அடியிலிருந்து சுண்டு விரல் வரை புறங்கை வாய் பிளந்தது. முதலாளி அலறினார். அந்தக் குரலில் அவர் அலறி யாரும் கேட்டதில்லை. பெரியதம்பியும் ஷௌகத்தும் மாதப்பனைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்கள். கத்தி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"விடுங்கடா! இன்னிக்கு முடிச்சுட்டுப் போறேன்!" என்று மாதப்பன் திமிறினார்.

முதலாளி ஹோஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். இரண்டு பேர் பிடித்திருக்கிற ஆளை அடிக்கப் போகிறார். அடுத்து அவர்கள் பிடி விடுவார்கள், அடுத்து கத்தி சரியான இடத்துக்குப் போகும். அன்றைக்கு அந்த ஹாலில் ஒரு பிணம் விழுவதற்கும் விழாமல் இருப்பதற்கும் நடுவில் இருந்தது அவருடைய நாலு எட்டுதான்.

நான் மாதப்பனின் தொகைமேல் டபுள் கிளிக் செய்தேன். புது ஷீட் விழுந்தது. தொண்டை கிழியப் படிக்க ஆரம்பித்தேன். "ஆனேக்கல், மஞ்சுநாதா ஆட்டோஸ், ஆயில் சீல்! சந்தாபுரம், பசவேஸ்வரா ஸ்பேர்ஸ், புஷ்ஷு! பொம்மசந்திரா, மறுபடி மஞ்சுநாதா தம்பி கடை..."

முதலாளி நின்றார். எனக்குத் தெரியும், நிற்பார். கடைப் பெயர் காதில் விழுந்தால் அந்த மனிதனுக்கு நிற்காமல் இருக்க முடியாது.

"மஞ்சுநாதா தம்பி தனிக் கட போட்டுட்டானா?" என்றார்.

"போட்டுட்டாரு மொதலாளி. மாதப்பண்ணன்தான் பிடிச்சது. வந்து பாருங்க."

வந்தார். என் தோளுக்கு மேலே குனிந்து வரிவரியாகப் படித்தார். அவர் கையிலிருந்து ரத்தம் என் கீபோர்டில் சொட்டியது. என்டர் கீயின் இடுக்கில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் கீழே கீழே ஓட்டினேன். கடைசி வரி வரை படித்துவிட்டு, பிவட்டுக்குத் திரும்பச் சொன்னார். அதில் மாதப்பன் முதல் ஆளாக இருந்தார். பெரியதம்பிக்கும் மேலே.

முதலாளி நிமிர்ந்தார். மகனைக் கூப்பிட்டார். சின்னராஜ் பக்கத்தில் வந்ததும் இடது கை ஹோஸால் முகத்தில் ஒரே வீச்சு. பையன் டேஷ்போர்டு மேஜைமேல் போய் விழுந்தான். உதடு கிழிந்து, "அப்பா, ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் சேல்ஸ் இல்லப்பா, இஞ்சினியர் சொன்னாரு" என்று அழுதான். கணக்குப்படி அவன் சொன்னதும் சரிதான். அதுதான் கொடுமை.

"மாதப்பனுக்குத் தண்ணி குடுங்க" என்றார் முதலாளி. தோள் துண்டை எடுத்துத் தன் கையைச் சுற்றிக்கொண்டார். சண்டை முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்டோம். மாதப்பனின் கை தளர்ந்து கத்தி தரையில் விழுந்தது. அப்போது முதலாளி என் திரையைப் பார்த்து, சாதாரணமாக, டீ கேட்கிற குரலில் கேட்டார்:

"சரி, அப்ப கடசி யாரு?"

திரையில் இருந்தது. கடைசி வரி, ஷௌகத் அலி. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கத்தியைத் தடுத்து அவர் உயிரைக் காப்பாற்றிய ஷௌகத் அலி. அவன் தலை குனிந்து சட்டைப் பொத்தானைத் தொட்டான். அவன் லைனில் வேப்பனப்பள்ளிப் பக்கம் அந்த வருஷம் மாங்காய் இல்லை. மாங்காய் இல்லாவிட்டால் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் சீல் தேயாது. நான் டபுள் கிளிக் செய்து காட்டலாம். கை தளரலாம், தளராமலும் போகலாம்.

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நல்ல மாதத்திலும் ஒருத்தன் கடைசிதான். எல்லாருடைய முள்ளும் பச்சையில் நின்றாலும் ஒருத்தன் கடைசிதான். அவர்கள் போர்டு தப்பான ஆளைக் காட்டியது, என் ஷீட் சரியான ஆளைக் காட்டுகிறது. ஹோஸ் என்னவோ ஒன்றேதான்.

பிவட்டில் "சேல்ஸ்மேன்" என்று எழுதிய சாம்பல் நிறப் பட்டனை மவுஸால் பிடித்தேன். பிடித்து டேபிளுக்கு வெளியே இழுத்து விட்டேன். ஷீட் ஒருமுறை சிமிட்டியது. பெயர்கள் எல்லாம் போய்விட்டன. ஊர்கள் மட்டும் நின்றன.

"பேரு எங்கம்மா?" என்றார் முதலாளி.

"எடுத்துட்டேன்."

"போடு."

"போடமாட்டேன். ஊரு இருக்கு, சரக்கு இருக்கு, கட இருக்கு. எது வேணும்னாலும் கேளுங்க, தொறந்து காட்டறேன். ஆளு பேரு இதுல இனிமே வராது."

ஹோஸ் வந்ததை நான் பார்க்கவில்லை. வலது தோளில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கை முழுக்க மரத்துப்போயிற்று. ஆனாலும் விரல்கள் மவுஸைவிட்டு நகரவில்லை. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். வாப்பாகூட என்னை அடித்ததில்லை. கண்ணீர் தானாக வந்தது, அதைத் துடைக்காமல் அவரையே பார்த்தேன். இரண்டாவது அடிக்கு ஓங்கினார்.

அது இறங்கவில்லை. ஹோஸின் மறுமுனையை மாதப்பன் பிடித்திருந்தார். காது ரத்தம் இன்னும் நிற்கவில்லை. ஷௌகத் அலி வந்து முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்தான். பெரியதம்பியும் வந்தார், அவர் அந்த மாதம் பச்சையில் இருந்தவர், வர வேண்டிய அவசியமே இல்லை. மூன்று பேரும் இழுத்தார்கள். முதலாளி முழங்காலில் விழுந்தார். மாதப்பன் தரையிலிருந்த கத்தியை எடுத்தபோது, "வேணாண்ணே" என்று நான் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு ஹோஸை மேஜைமேல் வைத்துக் கத்தியால் அறுக்க ஆரம்பித்தார். நூல் பின்னல் கொடுத்த சரக்கு, சீக்கிரம் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துண்டு துண்டாக அறுத்தார். முதலாளி தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. போனால் கை எப்படிக் கிழிந்தது என்பதோடு ஹோஸ் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். மாதப்பனை நீக்கவும் இல்லை. அந்தப் பக்கத்துக் கடை முழுக்க அவர் கைக்குள் இருந்தது, அந்தக் கணக்கு முதலாளிக்குத் தெரியும். மாதப்பனுக்கு இடது காது மட்டும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. டேஷ்போர்டில் டிப்போ பில்லைச் சேர்க்க பெங்களூரிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மீட்டிங்கில் முதலாளி வலது கையில் கட்டோடு என் மேஜைக்கு வந்து நின்றார். மேஜைமேல் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் தோள் அன்றைக்கும் மேலே தூக்க வரவில்லை.

"கடசி எது?" என்றார்.

"வேப்பனப்பள்ளி" என்றேன்.

குனிந்து திரையைப் பார்த்தார். இடது கை எதையோ தேடி மூடித் திறந்தது. ஊரை எப்படி அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அங்க என்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

டபுள் கிளிக் செய்தேன்.